“டைம் பத்தலைம்மா!”

கணக்குப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூட வாசலுக்கு வரும் குழந்தைகளில் பாதிப் பேர் சொல்வது இந்த ஒரு வாக்கியம்தான். “எல்லாம் தெரிஞ்சதும்மா, டைம்தான் பத்தலை!” சாக்குச் சொல்கிறார்கள் என்று நாம் முகத்தைச் சுளிக்கிறோம். இருபத்திரண்டு வருஷம் பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலும் அது சாக்கு இல்லை, நிஜம். கணக்குத் தெரிந்த பெண்ணும் பையனும் இருபது, இருபத்தைந்து மார்க்கை எழுதாமலே விட்டுவிட்டு வருகிறார்கள். தெரியாமல் விட்டதற்கு மருந்து படிப்பு. நேரம் இல்லாமல் விட்டதற்கு மருந்து வேறு. அந்த மருந்தை வீட்டில் அம்மாவே கொடுத்துவிடலாம். அதற்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. கடிகாரம் பார்க்கத் தெரிந்தால் போதும்.

எல்லாப் பாடத்துக்கும் சேர்த்துச் சொல்லப் போனால் எதுவும் உருப்படியாக இருக்காது. அதனால் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வின் கணக்குத் தாளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2019-20-ல் புதிய பாடப்புத்தகம் வந்ததிலிருந்து அந்தத் தாளின் அமைப்பு இப்படி. மொத்தம் நூறு மார்க். முதல் பகுதியில் ஒரு மார்க் கேள்வி பதினான்கு. இரண்டாம் பகுதியில் இரண்டு மார்க் கேள்வி பதினான்கு கொடுத்து, பத்து எழுதச் சொல்வார்கள். மூன்றாம் பகுதியில் ஐந்து மார்க் கேள்வி பதினான்கு. அதிலும் பத்து எழுதினால் போதும். நான்காம் பகுதியில் எட்டு மார்க் கேள்வி இரண்டு: ஒன்று வடிவியல் வரைதல், இன்னொன்று வரைபடத் தாளில் போடும் கிராஃப். ஒவ்வொன்றிலும் ‘இது அல்லது அது’ என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். (உங்கள் குழந்தை எழுதும் ஆண்டில் அமைப்பை மாற்றியிருந்தால் பள்ளியில் மாதிரி வினாத்தாளைக் கேட்டு வாங்கி, நான் இங்கே போடும் கூட்டல் கழித்தலை அதற்குத் தகுந்தபடி போட்டுக்கொள்ளுங்கள்.)

பரீட்சை ஹாலில் 10 மணிக்குக் கேள்வித்தாள் கையில் வரும். பத்து நிமிஷம் அதைப் படித்துப் பார்க்க. அடுத்த ஐந்து நிமிஷம் விடைத்தாளின் முகப்பில் உள்ள விவரங்களைச் சரிபார்க்க. எழுத ஆரம்பிப்பது 10.15-க்கு, முடிப்பது 1.15-க்கு. ஆக, எழுதுவதற்கு முழுசாக 180 நிமிஷம்.

நூறு மார்க்குக்கு 180 நிமிஷம் என்றால் மார்க்குக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் நிமிஷம் வருகிறது. தாராளமாகத்தான் இருக்கிறதே என்று தோன்றும். அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. திருப்பிப் பார்க்க ஒரு நிமிஷம்கூட அதில் ஒதுக்கவில்லை. சம்பளம் வந்ததும் வாடகைக்கும் பாலுக்கும் முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் செலவு செய்கிறோம் அல்லவா? அதே மாதிரி, திருப்பிப் பார்க்கும் இருபது நிமிஷத்தை முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். “கடைசியில் மிஞ்சினால் பார்த்துக்கலாம்” என்றால் மிஞ்சவே மிஞ்சாது. என் அனுபவத்தில் மிஞ்சிப் பார்த்ததே இல்லை.

இருபது போக 160 நிமிஷம். இதை மார்க்குக்குத் தகுந்தபடி சமமாகப் பிரித்தால் ஒரு மார்க் பகுதிக்கு 22 நிமிஷமும், இரண்டு மார்க் பகுதிக்கு 32-ம், ஐந்து மார்க் பகுதிக்கு 80-ம், வரைதலுக்கும் கிராஃபுக்கும் சேர்த்து 26-ம் வரும். பார்க்க நியாயமாக இருக்கிறது, ஆனால் நடக்காது. ஸ்கேல், காம்பஸ், பென்சில் என்று கையால் வரைய வேண்டிய வேலையை எந்தக் குழந்தையாலும் பதின்மூன்று நிமிஷத்தில் நிதானமாகச் செய்ய முடியாது. அதே சமயம் ஒரு மார்க்குக்கு இருபத்திரண்டு நிமிஷம் தேவையே இல்லை. அதனால் ஒரு மார்க்கிலிருந்து ஏழு நிமிஷமும் இரண்டு மார்க்கிலிருந்து இரண்டு நிமிஷமும் எடுத்து வரைதலுக்குக் கொடுத்துவிடுகிறேன். இப்போது 15, 30, 80, 35 என்று நிற்கிறது. கூட்டிப் பாருங்கள், 160.

இனி எதை முதலில் எழுதுவது? இதில் ஆசிரியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்துக் கிடையாது. எட்டு மார்க்கை முதலில் போடச் சொல்பவர்கள் உண்டு. ஐந்து மார்க்கை முதலில் முடிக்கச் சொல்பவர்களும் உண்டு. என் கட்சி என்னவென்றால், நேரம் இழுத்துக்கொண்டு போகும் பகுதியைக் கடைசியில் வைக்க வேண்டும். ஐந்து மார்க் கணக்குகள்தான் இழுக்கும். அதை நடுவில் வைத்தால், அது இழுக்கும் நேரம் முழுவதும் பின்னால் காத்திருக்கும் சுலப மார்க்குகளிலிருந்து போகும். கடைசியில் வைத்தால் போவது ஒரு கணக்கு அல்லது அரைக் கணக்கு. அதனால் ஒரு மார்க் 10.30 வரை, இரண்டு மார்க் 11 மணி வரை, வரைதலும் கிராஃபும் 11.35 வரை, ஐந்து மார்க் 12.55 வரை, பிறகு திருப்பிப் பார்த்தல். நடுவில் ஒரு மைல்கல்லும் உண்டு: 12.15-க்கு ஐந்து மார்க் கணக்கு ஐந்து முடிந்திருக்க வேண்டும்.

இதை எங்கள் மாடி வீட்டு அம்மாளிடம் சொன்னபோது, “ஏன் டீச்சர், இதென்ன ரயில்வே டைம் டேபிள் மாதிரி இருக்கே! குழந்தை மிரண்டுட மாட்டாளா?” என்றார். அவர் பெண்ணுக்கு அரையாண்டில் கணக்கில் 61 மார்க். வகுப்பில் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிற பெண். மிரள்வாளோ மாட்டாளோ, முதலில் அவளுடைய நேரம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும் அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்து, எந்தக் கட்டுப்பாடும் சொல்லாமல், “உன் இஷ்டப்படி எழுதும்மா” என்று உட்கார வைத்தோம். அவள் ஒவ்வொரு பகுதியை முடிக்கும்போதும் மணியைப் பால் கணக்கு நோட்டில் குறித்துக்கொள்வது மட்டும் அம்மாவின் வேலை.

அந்த நோட்டில் இருந்தது இதுதான். ஒரு மார்க் 10.50-க்கு முடிந்தது. அதாவது 35 நிமிஷம். இரண்டு மார்க் 11.40 வரை, 50 நிமிஷம். ஐந்து மார்க் 12.55 வரை, 75 நிமிஷத்தில் ஏழு கணக்கு. அதன்பின் அவளே பதறிப் போய் வரைதலுக்குத் தாவியிருக்கிறாள். அதை முடிக்கும்போது 1.15. கிராஃப் கேள்வியைத் தொடவே இல்லை.

மூன்று ஐந்து மார்க் கணக்குக்குப் பதினைந்து, கிராஃபுக்கு எட்டு, ஆக இருபத்துமூன்று மார்க்! அத்தனையும் அவளுக்குத் தெரிந்தவை. மறுநாள் சாயங்காலம் கேட்டபோது அந்த கிராஃபை மளமளவென்று போட்டுக் காட்டினாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “இத்தனை நாளா படிக்கலைன்னு திட்டிட்டேனே” என்றார். இந்த மாதிரி ஒரு நோட்டுக் குறிப்பு இருந்தால் எத்தனையோ வீட்டில் திட்டு மிச்சமாகும்!

இனி ஒவ்வொரு இடமாகப் பார்ப்போம்.

ஒரு மார்க்கில் 35 நிமிஷம் போனது எப்படி? பதினான்கில் ஒன்பதை எட்டு நிமிஷத்தில் எழுதிவிட்டாள். மிச்சம் ஐந்தும் கொஞ்சம் யோசிக்க வேண்டியவை. ஒவ்வொன்றையும் ஐந்து மார்க் கணக்கு மாதிரி முழுசாகப் போட்டுப் பார்த்து, விடை வராமல் மறுபடி போட்டு, கடைசியில் ஊகித்து எழுதியிருக்கிறாள். நாலு விடை கொடுத்திருக்கும்போது முழுக் கணக்கையும் போட வேண்டியது இல்லை. கொடுத்த விடையைக் கேள்வியில் வைத்துப் பொருந்துகிறதா என்று பார்ப்பதே பல இடங்களில் சுருக்கு வழி. அப்படியும் ஒரு நிமிஷத்துக்கு மேல் இழுத்தால், கேள்வி எண்ணை மட்டும் எழுதி இரண்டு வரி இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். அதைத் திருப்பிப் பார்க்கும் நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஒரு மார்க்குக்கு ஐந்து நிமிஷம் செலவழிப்பது, ஒரு ரூபாய்க் கறிவேப்பிலைக்கு ஐந்து ரூபாய் பஸ் டிக்கெட் எடுத்த கதைதான்.

இரண்டு மார்க்கில் வேறு விதமான கசிவு. பத்துக்குப் பதில் பன்னிரண்டு எழுதியிருந்தாள். “எதாவது ரெண்டு தப்பாப் போயிட்டா?” என்று பயமாம். இந்தக் காப்பீடு விலை அதிகமானது. எட்டு நிமிஷம் அதற்குப் போயிற்று. அந்த எட்டு நிமிஷம் ஒரு முழு ஐந்து மார்க் கணக்கின் நேரம். நிச்சயமாகத் தெரிந்த பத்தை எழுதி நிறுத்திவிட வேண்டியதுதான். ஒன்றே ஒன்றை மறக்கக் கூடாது: இரண்டாம் பகுதியிலும் மூன்றாம் பகுதியிலும் கடைசிக் கேள்வி கட்டாயக் கேள்வி. அதைச் சேர்த்துத்தான் பத்து. அதை விட்டுவிட்டு மற்றதில் பத்து எழுதினால், எழுதியதில் ஒன்று வீண்.

ஆகவே தேர்ந்தெடுக்கிற வேலையை எழுதும் நேரத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. முதல் பத்து நிமிஷம் அதற்காகவே கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு மார்க் கேள்விகளைப் படிக்கவே வேண்டாம் என்பேன். அவற்றை எப்படியும் எல்லாம் எழுதத்தானே போகிறோம்? ஐந்து மார்க்கில் கட்டாயக் கேள்வியை முதலில் படித்துவிட்டு, மற்ற பதின்மூன்றில் எந்த நாலு வேண்டாம் என்று பார்க்கச் சொல்லுங்கள். ‘எந்த ஒன்பது வேண்டும்’ என்று தேடுவதைவிட ‘எந்த நாலு வேண்டாம்’ என்று தள்ளுவது சீக்கிரம் முடிகிறது. வயலில் களை எடுக்கிற மாதிரி. பிறகு எட்டு மார்க்கில் இதுவா அதுவா என்று முடிவு. கேள்வித்தாளில் குறி எதுவும் போடாமல் மனசிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது வரைதல். பென்சில் பெட்டியைத் திறந்து பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அந்தப் பெண்ணின் காம்பஸில் திருகு தளர்ந்திருந்தது. வில் வரையும்போது அளவு விரிந்துபோய், மூன்று தரம் அழித்து வரைந்திருக்கிறாள். மொட்டைப் பென்சில் வேறு. தடித்த கோடு போட்டால் இரண்டு கோடு வெட்டும் புள்ளி எங்கே என்றே தெரியாது, அளவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போகும். திருகை முறுக்கி, சீவிய பென்சில் மூன்று வைத்துக் கொடுத்ததில் மட்டும் இருபது நிமிஷம் பதினைந்தாகக் குறைந்தது என்றால் நம்புவீர்களா? படிப்பு ஒரு வரிகூடக் கூடவில்லை. உதவிப்படம் என்று கையால் ஒரு சின்னப் படம் முதலில் போட வேண்டும். அதற்கு அரை நிமிஷம்தான். அதைப் போடாமல் நேரே ஸ்கேலை வைத்தால் பாதியில் முக்கோணம் தாளுக்கு வெளியே போய்விடும்.

கிராஃபில் நேரம் போவது புள்ளி வைப்பதில் இல்லை, அளவுத்திட்டம் தேர்ந்தெடுப்பதில். அட்டவணையை முழுக்கப் போட்டு, மிகப் பெரிய எண்ணும் மிகச் சின்ன எண்ணும் என்ன என்று பார்த்த பிறகுதான் அச்சு வரைய வேண்டும். அவசரமாக அச்சை வரைந்துவிட்டு, ஒரு புள்ளி தாளில் அடங்காமல் எல்லாவற்றையும் அழிக்கிற காட்சியை நான் ஹாலில் மேற்பார்வை செய்யும்போது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பாவமாக இருக்கும்; வாய் திறந்து சொல்லவும் முடியாது.

இனி 80 நிமிஷப் பகுதி. ஒரு கணக்குக்கு எட்டு நிமிஷம் என்பது சராசரிதான். சார்புகளில் மதிப்புக் காண்பது மாதிரிக் கணக்கு ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். திட்ட விலக்கம் என்றால் அட்டவணை, வர்க்கம், கூட்டல் என்று பத்துப் பன்னிரண்டு நிமிஷம் கேட்கும். அதனால் ஒவ்வொரு கணக்குக்கும் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் படபடப்புத்தான் மிச்சம். 12.15-க்கு ஒரு முறை பார்த்தால் போதும். ஐந்து முடிந்திருந்தால் சரி. நாலுதான் என்றாலும் சமாளிக்கலாம்: மிச்சத்தில் சின்னதாக இருப்பவற்றை முதலில் எடுக்க வேண்டும். மூன்றுதான் முடிந்திருக்கிறது என்றால் திருப்பிப் பார்க்கும் இருபதில் பத்து நிமிஷத்தைக் கடன் வாங்கலாம், முழுசாக அல்ல. எண்களை வேகமாகக் கிறுக்கி நேரத்தைப் பிடிக்கப் பார்ப்பதுதான் மகா ஆபத்து. 1 ஏழாகும், 0 ஆறாகும்.

நடுவழியில் மாட்டிக்கொண்ட கணக்கை என்ன செய்வது? கணக்குத் தாள் திருத்துகிறவர்கள் விடையை மட்டும் பார்ப்பதில்லை. படிப்படியாக மார்க் போடுகிறார்கள். கோபுரத்தின் உயரம் காணும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். படம், எந்த முக்கோணத்தில் எந்த விகிதம் என்று எழுதியது, எண்களை அதில் போட்டது என்று ஒவ்வொரு படிக்கும் பங்கு உண்டு. சுருக்கும் இடத்தில் சிக்கிக்கொண்ட குழந்தைக்குப் பாதி மார்க் ஏற்கெனவே தாளில் இருக்கிறது. அந்தக் கடைசி ஒன்றிரண்டு மார்க்குக்காக இன்னும் ஏழு நிமிஷம் போராடினால், தொடாமல் இருக்கும் அடுத்த கணக்கின் முதல் மூன்று மார்க் போய்விடும். பத்து நிமிஷம் ஆனதும் கால் பக்கம் இடம் விட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். கெட்டிக்காரக் குழந்தைகளுக்குத்தான் இது கஷ்டம். விட மனசு வராது! “இதோ வந்துடும், இதோ வந்துடும்” என்று உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுத் தேர்வில் அம்மா பக்கத்தில் இருந்து “விடு கண்ணு, அடுத்தது போ” என்று இரண்டு மூன்று முறை சொன்னால்தான் அந்தப் பழக்கம் வரும்.

அந்தப் பெண்ணின் இரண்டாவது ஞாயிறு நோட்டுக் கணக்கு: ஒரு மார்க் 18, இரண்டு மார்க் 34, வரைதலும் கிராஃபும் 45, ஐந்து மார்க் 83. எல்லாக் கேள்வியும் எழுதியாயிற்று. ஆனால் திருப்பிப் பார்க்க ஒரு நிமிஷம் இல்லை. விளைவு என்ன தெரியுமா? உருளையின் கன அளவுக் கணக்கில் கேள்வித்தாளில் 48 என்று இருந்ததை 84 என்று எடுத்து எழுதி, மிச்சத்தை எல்லாம் சரியாகச் செய்திருந்தாள். மூன்றாவது ஞாயிறு 15, 31, 38, 81. முதல் தடவையாகப் பதினைந்து நிமிஷம் மிச்சம். “டீச்சர், பேனாவை மூடிட்டு என்ன பண்றதுன்னே தெரியலை” என்றாள்!

அதையும் சொல்லித்தர வேண்டும்தான். திருப்பிப் பார்ப்பது என்றால் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை கதை படிப்பது மாதிரிப் படிப்பது அல்ல. தான் எழுதியதைத் தானே படித்தால் கண் தப்பைத் தாண்டிப் போய்விடும். நான் சொல்லித் தரும் வரிசை வேறு. முதல் ஐந்து நிமிஷம் இடம் விட்ட ஒரு மார்க் கேள்விகளுக்கு. தெரியாவிட்டாலும் ஒன்றைத் தேர்ந்து எழுதிவிட வேண்டும், தப்பான விடைக்கு மார்க்கைக் கழிப்பதில்லை. அங்கேயே, விடையின் குறியீட்டு எழுத்து, விடை இரண்டும் எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். பிறகு எண்ணிக்கை: இரண்டு மார்க் பத்தா, ஐந்து மார்க் பத்தா, கட்டாயக் கேள்வி இரண்டும் உள்ளனவா, கேள்வி எண்கள் சரியா. இது இரண்டு நிமிஷம். அடுத்து ஐந்து மார்க் கணக்குகளின் முதல் வரி மட்டும். கேள்வித்தாளை இடது பக்கம் வைத்துக்கொண்டு, எடுத்து எழுதிய எண்ணும் குறியும் ஒத்துப்போகிறதா என்று விரலை வைத்துப் பார்க்க வேண்டும். 48, 84 ஆனதும் கழித்தல் குறி காணாமல் போனதும் இங்கேதான் அகப்படும். கடைசி வரியில் அலகு இருக்கிறதா என்பதும் அதோடு: பரப்பு என்றால் சதுர செ.மீ., கன அளவு என்றால் கன செ.மீ.

கிராஃபுக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. y = x² − 2x − 8 என்பதை வரைந்து, அதைக் கொண்டு x² − x − 6 = 0 என்பதைத் தீர்க்கச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் y = −x − 2 என்ற நேர்கோடு வரும். கோடும் வளைவும் வெட்டும் இடத்தில் x-ன் மதிப்பு −2-ம் 3-ம். அந்த 3-ஐ எடுத்து, தீர்க்கச் சொன்ன சமன்பாட்டில் போட்டால் 9 − 3 − 6, பூஜ்யம். சரி! பூஜ்யம் வராவிட்டால் கழித்த இடத்தில் குறி மாறியிருக்கலாம். வளைவு சரியாக இருந்தால், கோட்டை மட்டும் மாற்றினால் போதும். இந்தச் சோதனைக்கு அரை நிமிஷம். (இது உங்களுக்குப் புரியாவிட்டால் கவலை வேண்டாம். “கிராஃப் விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தியா?” என்று மட்டும் கேளுங்கள், அவளுக்குப் புரியும்.) அளவுத்திட்டத்தை மூலையில் எழுதியிருக்கிறாளா, தனித்தாள் வாங்கியிருந்தால் அது விடைத்தாளோடு கோத்திருக்கிறதா என்பதோடு வேலை முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. அடித்துவிட்டு வேறு விடை எழுதுவதானால், தப்பு எந்த வரியில் என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால்தான் அடிக்க வேண்டும். “என்னவோ சந்தேகமா இருக்கு” என்பதற்காகக் கடைசி நிமிஷத்தில் சரியான விடையை அடித்த குழந்தைகள் அநேகம்.

வீட்டில் இதை நடத்துவதில் சில சில்லறை விஷயங்கள். ஞாயிறு சாயங்காலம் வேண்டாம். காலை 10 மணிக்கே உட்கார வையுங்கள், உடம்புக்கும் அந்த நேரம் பழக வேண்டும். அன்று மூன்று மணி நேரம் நடுவில் எழுந்திருக்கக் கூடாது. காலையில் இரண்டு இட்லியோ இடியாப்பமோ லேசாகச் சாப்பிட்டால் போதும்; பூரியும் பொங்கலும் 11 மணிக்குக் கண்ணைச் சொக்க வைக்கும். தண்ணீர் ஒரேயடியாகக் குடிக்காமல் வாய் வாயாகக் குடிக்கட்டும். செல்போனில் மணி பார்க்கும் குழந்தைக்கு ஹாலில் கை ஒடிந்த மாதிரி இருக்கும்; முள் வைத்த சாதாரணக் கடிகாரத்தில் பழக்குங்கள். கையில் கட்டிப் போகலாமா என்பதைப் பள்ளியில் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

இந்த அட்டவணை கணக்குக்கு மட்டும்தான். தமிழிலும் சமூக அறிவியலிலும் நேரத்தைத் தின்பது யோசனை அல்ல, எழுத்தின் நீளம். ஒரு பக்கம் எழுத உங்கள் குழந்தைக்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்று முதலில் பார்த்து, அதிலிருந்துதான் அங்கே கணக்குப் போட வேண்டும். கற்றல் குறைபாடு, பார்வைக் குறைவு போன்ற காரணங்களுக்காகக் கூடுதலாக ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிய குழந்தைகளுக்கு 180 என்பது 240 ஆகும். அவர்களுக்குப் பகுதிகளை 20, 40, 105, 50 என்று நீட்டி, திருப்பிப் பார்க்க 25 வையுங்கள். அந்தச் சலுகைக்கான மருத்துவச் சான்றிதழையும் விண்ணப்பத்தையும் பள்ளி மூலமாகத் தேர்வுக்கு வெகு முன்னாலேயே அனுப்ப வேண்டும். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடினால் நடக்காது.

எத்தனை ஞாயிறு வேண்டும் என்று கேட்டால், நாலு போதும். முதல் ஞாயிறு வெறுமனே மணியைக் குறித்துக்கொள்ள. மற்ற மூன்றும் அட்டவணைப்படி. கடைசி மூன்று மணி நேரத் தேர்வைப் பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னாடியே முடித்துவிடுங்கள். பரீட்சைக்கு முந்தின நாள் காம்பஸ் திருகையும் பென்சில் முனையையும் பார்த்தால் போதும். மாடி வீட்டுப் பெண் பள்ளியில் நடந்த திருப்புதல் தேர்வில் முழுத்தாளையும் எழுதி, ஒன்பது நிமிஷம் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தாள். நோட்டில் அதையும் அம்மா குறித்து வைத்திருக்கிறார், பால் கணக்குக்குப் பக்கத்திலேயே.